கலத்துக்குள் சின்னக் கோடு: மூன்று கணக்கும் ஏன் ஒரே மாதிரி ஏறுகின்றன?

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தோட்ட ஆபிசில் வேலை செய்கிறேன். மேல்கணக்கு, கீழ்க்கணக்கு, புதுக்காடு என்று மூன்று பிரிவின் மாதக் கொழுந்து நிறை எக்செலில் இருக்கிறது. ஒவ்வொரு நிரைக்குப் பக்கத்திலும் கலத்துக்குள்ளேயே சின்னக் கோடு போட்டேன். மூன்றும் ஒரே மாதிரி அடியிலிருந்து உச்சிக்கு ஏறுகின்றன. மேல்கணக்கில் பெரிய ஏற்ற இறக்கம் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். எங்கே பிழை? பெரியதுரையிடம் காட்டக்கூடிய மாதிரி எப்படிப் போடுவது?

பதில்:

நீங்கள் போட்ட முறையில் பிழை இல்லை. எக்செல் தானாக எடுத்துக்கொள்ளும் செங்குத்து அச்சில்தான் விஷயம் இருக்கிறது. ஸ்பார்க்லைன் என்ற இந்தச் சின்னக் கோட்டை முதலில் போட்டவுடன் ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனி அச்சு அமையும். அந்த நிரையில் உள்ள ஆகக் குறைந்த எண் கலத்தின் அடியில் போய் நிற்கும், ஆகக் கூடிய எண் உச்சியில் நிற்கும். இடையில் இருக்கும் வித்தியாசம் நூறு கிலோவாக இருந்தாலும் பத்தாயிரம் கிலோவாக இருந்தாலும் கோடு கலம் முழுவதையும் நிரப்பும். பெரிய வரைபடமாக இருந்தால் பக்கத்தில் அச்சின் எண்களைப் பார்த்துச் சுதாரித்துக்கொள்ளலாம். கலத்துக்குள் வரும் கோட்டில் எண்ணே இல்லை, அதனால் பார்க்கிறவருக்கு இது தெரிய வழியில்லை.

எண்களை வைத்தே பார்ப்போம். கீழே உள்ளவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் எண்களை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாம் கிலோவில்.

| பிரிவு | ஜன | பெப் | மார் | ஏப் | மே | ஜூன் |
|---|---|---|---|---|---|---|
| மேல்கணக்கு | 20,400 | 19,800 | 20,900 | 21,600 | 21,300 | 20,800 |
| கீழ்க்கணக்கு | 9,200 | 8,100 | 10,400 | 14,600 | 13,900 | 11,000 |
| புதுக்காடு | 3,200 | 3,400 | 3,900 | 4,600 | 4,900 | 5,200 |

மேல்கணக்கின் சராசரி 20,800. பெப்ரவரியில் அதைவிட 5 சதவீதம் குறைவு, ஏப்ரலில் 4 சதவீதம் கூடுதல், அவ்வளவுதான். கீழ்க்கணக்கின் சராசரி 11,200. அது பெப்ரவரியில் 28 சதவீதம் கீழே போய், ஏப்ரலில் 30 சதவீதம் மேலே வருகிறது. இந்த இரண்டு நிரைக்கும் சாதாரணமாகக் கோடு போட்டால் இரண்டும் பெப்ரவரியில் தரையைத் தொட்டு ஏப்ரலில் கூரையைத் தொடும். நீங்கள் கண்டது இதைத்தான்.

இதற்குப் பலரும் சொல்லும் பரிகாரம் ஒன்று உண்டு. கோட்டுக் கலத்தைத் தொட்டால் மேலே `Sparkline` பட்டி வரும். பழைய பதிப்புகளில் அது `Sparkline Tools` கீழே `Design` என்று இருக்கும். அதில் `Axis` மெனுவைத் திறந்து, குறைந்த அளவுக்கும் கூடிய அளவுக்கும் `Same for All Sparklines` கொடுக்கச் சொல்வார்கள். மூன்று நிரையும் கிட்டத்தட்ட ஒரே பருமனில் இருந்தால் இது சரியான வழி. உங்கள் கணக்குக்கு இது சரிவராது என்பது என் அபிப்பிராயம். காரணத்தைச் சொல்கிறேன்.

பொது அச்சு வைத்தால் அடி 3,200, உச்சி 21,600. இடைவெளி 18,400 கிலோ. புதுக்காடு ஜனவரியிலிருந்து ஜூனுக்கு 2,000 கிலோ கூடியிருக்கிறது. அந்தப் பிரிவைப் பொறுத்தவரை அது 62 சதவீதத்துக்கும் மேலான வளர்ச்சி. ஆனால் 18,400 இல் 2,000 என்றால் கலத்தின் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான். மேல்கணக்கின் 1,800 கிலோ அசைவும் பத்தில் ஒரு பங்கு வரும். ஆக, இளந்தேயிலை வேகமாக ஏறிவரும் புதுக்காடும், அசையாமல் நிற்கும் மேல்கணக்கும் ஒன்று தரையோடும் மற்றது கூரையோடும் ஒட்டிய இரண்டு தட்டைக் கோடுகளாகத் தெரியும். முன்பு எல்லாமே மலையாகத் தெரிந்தது, இப்போது முக்கியமான ஏற்றமே மறைந்துவிடுகிறது. `மொத்தம்` என்ற நிரையையும் சேர்த்துக் கோடு போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். மொத்தத்தின் எண் எல்லாவற்றையும்விடப் பெரியது என்பதால் மற்ற மூன்றும் அடியில் நசுங்கிவிடும்.

உங்களுக்குத் தெரிய வேண்டியது எந்தப் பிரிவு அதிகம் பறிக்கிறது என்பதல்ல. அதைப் பக்கத்தில் இருக்கும் எண்ணே சொல்லிவிடும். ஒவ்வொரு பிரிவும் தன் வழமையிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைத்தான் கோடு காட்ட வேண்டும். ஆகவே கோட்டைக் கிலோவுக்குப் போடாமல், தன் சராசரியிலிருந்து விலகும் விகிதத்துக்குப் போடுங்கள்.

அதற்கு இரண்டாவது பணித்தாள் ஒன்று வேண்டும். `Sheet1` இல் A நிரலில் பிரிவின் பெயர், B முதல் M வரை ஜனவரி தொடக்கம் டிசம்பர், N நிரல் கோட்டுக்கு. `Sheet2` இலும் அதே ஒழுங்கை வைத்து, B2 கலத்தில் இந்தச் சூத்திரத்தைப் போட்டு M4 வரை இழுத்துவிடுங்கள்:

```
=IF(Sheet1!B2="",NA(),Sheet1!B2/AVERAGE(Sheet1!$B2:$M2)-1)
```

இப்போது மேல்கணக்கின் பெப்ரவரி -0.05 என்று வரும், கீழ்க்கணக்கின் ஏப்ரல் 0.30 என்று வரும். பூச்சியம் என்றால் சரியாகச் சராசரி. இன்னும் வராத மாதங்களில் `#N/A` நிற்கும், அதை அப்படியே விடுங்கள். அது ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

பிறகு `Sheet1` க்கு வந்து N2 முதல் N4 வரை தெரிவுசெய்து, `Insert` பட்டியில் `Sparklines` பகுதியில் `Line` ஐ அழுத்துங்கள். `Data Range` இல் `Sheet2!B2:M4`, `Location Range` இல் N2:N4. தரவு வேறு பணித்தாளில் இருப்பதில் பிரச்சினை இல்லை, கோடு வரும் இடம்தான் நீங்கள் நிற்கும் தாளில் இருக்க வேண்டும். அடுத்து `Axis` மெனுவில் கூடிய அளவு, குறைந்த அளவு இரண்டுக்கும் `Custom Value` தெரிவுசெய்து 0.4, -0.4 என்று கொடுங்கள். அதே மெனுவில் `Show Axis` ஐயும் போடுங்கள். பூச்சியத்தில் ஒரு மெல்லிய கிடைக்கோடு விழும். அதுதான் அந்தப் பிரிவின் சராசரி. கிலோவுக்குக் கோடு போட்டிருந்தால் இந்தக் கிடைக்கோடு வந்திருக்காது, ஏனென்றால் எக்செல் அதைப் பூச்சியத்துக்குக் கீழே எண் இருக்கும்போதுதான் காட்டும்.

இப்போது நிரைகளைப் பாருங்கள். மேல்கணக்கு சராசரிக் கோட்டை ஒட்டியே லேசாக நெளியும், கலத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். கீழ்க்கணக்கு ஆழமாக இறங்கி, உயர ஏறி, மறுபடி இறங்கும். புதுக்காடு இடப்பக்கம் கீழேயிருந்து வலப்பக்கம் மேலே நேராக ஏறும். மூன்று பிரிவின் மூன்று குணமும் கண்ணுக்குத் தெரியும்.

-0.4, 0.4 என்று கையால் கொடுக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பொது அச்சை எக்செலிடமே விட்டால், ஏதோ ஒரு பிரிவில் ஒரு புது எண் விழும்போது அச்சு தானாக விரியும். அதனால் சென்ற மாதம் துரைக்குக் காட்டிய தாளில் உள்ள கோடும் இந்த மாதக் கோடும் ஒரே அளவில் இருக்காது. கையால் கொடுத்த அச்சு நகராது. ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. கவ்வாத்து வெட்டிய பிரிவின் கொழுந்து சராசரிக்கு 60 சதவீதம் கீழே போனால் அந்த எண் அச்சுக்கு வெளியே விழும், கோடு கலத்தின் அடியில் வெட்டுப்பட்டு நிற்கும். கோடு கலத்தின் ஓரத்தில் அறுந்தது போலத் தெரிந்தால் `Sheet2` இல் அந்த எண்ணைப் பாருங்கள். தேவையானால் எல்லா நிரைக்கும் சேர்த்து அச்சை -0.8, 0.8 ஆக்குங்கள். ஒரு நிரைக்கு மட்டும் மாற்றினால் ஒப்பிடும் நோக்கமே கெட்டுவிடும்.

`Axis` இல் எதைக் கொடுத்தாலும் ஒரு கோடு மட்டும் மாறுகிறது, மற்றவை அப்படியே இருக்கின்றன என்றால், நீங்கள் கோடுகளை ஒவ்வொன்றாகத் தனித்தனியே போட்டிருக்கிறீர்கள். அச்சு அமைப்பு ஒரு குழுவுக்குள் மட்டும்தான் செல்லும். ஒரே தடவையில் N2:N4 க்குப் போட்டால் மூன்றும் ஒரு குழு. ஒரு கலத்தைத் தொட்டால் குழு முழுவதையும் சுற்றி மெல்லிய நீலச் சட்டம் தெரியும். சட்டம் ஒரு கலத்தை மட்டும் சுற்றியிருந்தால் மூன்றையும் தெரிவுசெய்து `Group` ஐ அழுத்துங்கள், பிறகு அச்சைக் கொடுங்கள்.

இனி அந்த `#N/A` விஷயம். ஜூலை முதல் டிசம்பர் வரை இன்னும் எண் இல்லை. தரவின் வீச்சை ஜூனோடு நிறுத்திவிட்டு மாதாமாதம் `Edit Data` இல் போய் நீட்டிக்கொண்டிருப்பது வீண் வேலை, ஒரு மாதம் மறந்தால் கோடு பழசாகவே நிற்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆகவே வீச்சை டிசம்பர் வரை முதலிலேயே கொடுத்துவிடுகிறோம். ஆனால் சூத்திரத்தில் அந்த `IF` இல்லாவிட்டால், வெற்றுக் கலத்தை எக்செல் பூச்சியமாக எடுத்து, பூச்சியத்தைச் சராசரியால் வகுத்து, ஒன்றைக் கழித்து -1 என்று தரும். ஜூனுக்குப் பிறகு கோடு பாதாளத்தில் விழும். `NA()` இருந்தால் எக்செல் அந்த இடத்தில் கோடு போடாது. கலத்தின் வலப்பாதி காலியாக இருக்கும், வருடத்தில் எவ்வளவு மிச்சம் என்பதும் தெரியும்.

மொத்த நிரைக்கும் இதே முறையில் கோடு போடலாம், நல்லதும்கூட. விகிதமாக மாற்றியபின் மொத்தம் மற்றவற்றை நசுக்காது, தோட்டம் முழுவதின் போக்கோடு ஒவ்வொரு பிரிவையும் ஒப்பிடலாம். ஆனால் மொத்தம் `SUM` ஆக இருந்தால் வராத மாதங்களில் அது வெறுமையாக இராது, பூச்சியம் காட்டும். அந்தப் பூச்சியங்கள் சராசரியையும் பாதிக்கும். மொத்தத்தை இப்படி எழுதினால் இரண்டும் தீரும்:

```
=IF(COUNT(B2:B4)=0,"",SUM(B2:B4))
```

மாதக் கணக்கை விட்டு மடுவத்து நாள் நிறைக்குக் கோடு போடுவதாக இருந்தால் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். ஞாயிறும் போயாவும் கொழுந்து இல்லாத நாட்கள். அந்தக் கலங்களில் 0 என்று அடித்து வைத்திருந்தால் கோடு வாரத்துக்கு ஒரு தடவை தரையைத் தொட்டு எழும்பும், அதைத் தவிர வேறெதுவும் தெரியாது. வேலை இல்லாத நாளை வெறுமையாக விடுங்கள். 0 என்பது வேலைக்கு ஆள் வந்தும் கொழுந்து வராத நாளுக்கு மட்டும். பிறகு `Edit Data` அம்புக்குறியில் `Hidden & Empty Cells` ஐத் திறந்தால் மூன்று தெரிவு இருக்கும். `Gaps` கொடுத்தால் அந்த நாளில் கோடு அறும். `Connect data points with line` கொடுத்தால் சனியும் திங்களும் இணையும். நாள் கணக்குக்கு நான் இந்த இணைக்கும் தெரிவைத்தான் எடுப்பேன். ஒரு மாதம் பதிவாகாமலே விடுபட்ட மாதக் கணக்குக்கு `Gaps` பொருத்தம், அங்கே இடைவெளி தெரிவதுதான் நேர்மை.

அதே பெட்டியில் `Show data in hidden rows and columns` என்ற ஒன்றும் உண்டு. துரைக்குக் கொடுக்கும் தாளில் மாத நிரல்களை ஒளித்துவிட்டு மொத்தமும் கோடும் மட்டும் காட்ட ஆசைப்படுவீர்கள். தரவு அதே தாளில் இருந்தால், நிரலை ஒளித்தவுடன் கோடும் மறையும். இந்தத் தெரிவைப் போட்டால் திரும்ப வரும். `Sheet2` முறையில் தரவு வேறு தாளில் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிரையின் வழமையான உயரம் 15, அது கோட்டுக்குப் போதாது. 28 அளவுக்கு உயர்த்தி, N நிரலின் அகலத்தை 20 அளவுக்கு வையுங்கள். ஒடுக்கமான கலத்தில் எந்தக் கோடும் செங்குத்தாகத் தெரியும். புள்ளிகளில் `Last Point` ஒன்று போதும், கோடு இப்போது எங்கே நிற்கிறது என்பதை அது காட்டும். கறுப்பு வெள்ளையில் அச்சடிக்கிற ஆபிஸ் என்றால் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாக வரும், நிறத்தை நம்பி எதையும் சொல்லாதீர்கள். கோட்டுக்குப் பதில் `Column` வகையில் போடுவதானால், கிலோவை நேரடியாகக் கொடுத்து, குறைந்த அளவை `Custom Value` இல் 0 ஆக்குங்கள். பட்டையின் உயரத்தைத்தான் கண் அளக்கும், அடியை வெட்டிய பட்டை 19,800 ஐயும் 21,600 ஐயும் பல மடங்கு வித்தியாசமாகக் காட்டும்.

போட்ட கோட்டை அழிக்க `Delete` விசை உதவாது, `Sparkline` பட்டியில் உள்ள `Clear` ஐ அழுத்த வேண்டும். `Insert` இல் ஸ்பார்க்லைன் பொத்தான்களே மங்கலாக இருந்தால் ஃபைல் பழைய `.xls` வடிவில் இருக்கிறது. `.xlsx` ஆகச் சேமித்து, மூடித் திறந்தால் சரியாகும். இந்த வசதி எக்செல் 2010 இல்தான் வந்தது, ஆகவே 2007 வைத்திருக்கும் ஃபெக்டரிக் கணினியில் திறந்தால் கலம் வெறுமையாகத்தான் இருக்கும். அங்கே அனுப்புவதென்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். லிப்ரே ஆபிஸ் கல்க்கில் 7.4 பதிப்பிலிருந்து இருக்கிறது. கூகுள் ஷீட்ஸில் இது ஒரு சூத்திரம். `Sheet2` சூத்திரத்தில் `NA()` க்குப் பதில் `""` வைத்துவிட்டு இதைக் கொடுங்கள்:

```
=SPARKLINE(Sheet2!B2:M2,{"charttype","line";"ymin",-0.4;"ymax",0.4;"nan","ignore"})
```

கடைசியாக, துரையிடம் கொண்டுபோகும் முன் இதை யோசியுங்கள். உங்கள் பக்கத்தில் வருடத் தொடக்கத்து வரட்சியில் கொழுந்து குறையும், ஏப்ரல் மே மழையோடு பெருகும். ஆகவே சராசரியோடு ஒப்பிட்டுப் போட்ட கோட்டில் ஏப்ரலில் எல்லாப் பிரிவும் ஏறும். அந்த ஏற்றம் மழையால் வந்தது, அதை வைத்துப் பிரிவின் வேலையை மதிப்பிட முடியாது. சென்ற வருட எண்கள் உங்களிடம் இருந்தால், `Sheet1` இல் 12, 13, 14 ஆம் நிரைகளில் அதே ஒழுங்கில் அவற்றை வைத்து, `Sheet2` இன் சூத்திரத்தை மட்டும் மாற்றுங்கள்:

```
=IF(OR(Sheet1!B2="",Sheet1!B12=""),NA(),Sheet1!B2/Sheet1!B12-1)
```

இனி கிடைக்கோடு என்பது சென்ற வருடத்தின் அதே மாதம். அச்சும் குழுவும் அப்படியே இருக்கும், வேறெதையும் தொட வேண்டாம். கீழ்க்கணக்கின் இந்த ஏப்ரல் 14,600. சென்ற ஏப்ரல் 15,200 ஆக இருந்திருந்தால், பழைய கோட்டில் உச்சியில் நின்ற அதே மாதம் இப்போது கிடைக்கோட்டுக்கு 4 சதவீதம் கீழே நிற்கும். துரை கேட்கப்போவது அந்த 4 சதவீதத்தைப் பற்றித்தான், செக்ரோலையும் எடுத்து வைத்துக்கொண்டு போங்கள்.